ஸ்பானிய மொழியில் எழுவாய்: எப்போது விடுவது, எப்போது சொல்வது

“நேற்று நகரசபைக்குச் சென்றேன்” என்று ஒருவர் தமிழில் சொன்னால், சென்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ‘நான்’ என்ற சொல் வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் ‘சென்றேன்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஏன்’ என்ற விகுதி அதைத் தெரிவித்துவிடுகிறது. ஸ்பானிய மொழியும் இவ்வாறே இயங்குகிறது. அங்கும் வினைச்சொல்லின் விகுதி எழுவாயைக் காட்டும். ஆதலால் ‘நான்’, ‘நீ’, ‘அவர்’ முதலிய பதிலிப்பெயர்களை எழுவாயாகச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. இந்த வகையில், எழுவாயைத் தவறாது சொல்லவேண்டிய ஆங்கிலத்தைக் காட்டிலும் ஸ்பானியம் தமிழுக்கு நெருக்கமானது.

எனினும் இந்த ஒற்றுமையை முழுதாக நம்பினால் இடர் உண்டு. தமிழ் விகுதி தெளிவாகக் காட்டும் சிலவற்றை ஸ்பானிய விகுதி காட்டுவதில்லை. அவ்விடங்களில் எழுவாயை விட்டுவிட்டால், செய்தவர் ஒருவராகவும் கேட்பவர் புரிந்துகொள்பவர் வேறொருவராகவும் ஆகிவிடலாம். அன்றாடப் பேச்சில் இது சிறு குழப்பம் மட்டுமே. காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்திலோ, காவல் நிலையத்தில் கொடுக்கும் முறைப்பாட்டிலோ, வேலைத்தலம் பற்றிய வாக்குமூலத்திலோ அது பொறுப்பையே இடம் மாற்றிவிடக்கூடும். எழுவாயை எங்கே விடலாம், எங்கே விடலாகாது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒலிப்புக் குறிப்பு

இப்பாடத்தில் ஸ்பானியச் சொற்கள் அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ‘ஆபியெர்த்தோ’ முதலிய சொற்களின் நடுவில் வரும் ‘ப’, ‘கோபம்’ என்ற சொல்லில் உள்ளதைப் போல மென்மையாக ஒலிக்கும். ‘ஹ’ வருமிடத்தில் தொண்டையிலிருந்து சற்று அழுத்தமான மூச்சொலி எழ வேண்டும். ‘எல்’ என்ற ஒலி இரண்டு சொற்களுக்கு உரியது. ஒன்று ஆண்பாற் பெயர்ச்சொற்களின் முன் வரும் சுட்டு. மற்றொன்று ‘அவன், அவர்’ எனப் பொருள்படும் பதிலிப்பெயர். எழுதும்போது பதிலிப்பெயருக்கு மட்டும் உயிரெழுத்தின்மீது அழுத்தக்குறி இடவேண்டும்.

1. விகுதியே போதுமான இடங்கள்

‘பேசுதல்’ என்ற பொருளுடைய ‘ஆப்லார்’ என்ற வினையின் நிகழ்கால வடிவங்கள் வருமாறு:

- யோ ஆப்லோ: நான் பேசுகிறேன்
- தூ ஆப்லாஸ்: நீ பேசுகிறாய்
- எல், எய்யா, உஸ்தெத் ஆப்லா: அவர் (ஆண்), அவர் (பெண்), தாங்கள் பேசுவது
- நொஸோத்ரோஸ் ஆப்லாமோஸ்: நாங்கள் பேசுகிறோம்
- பொஸோத்ரோஸ் ஆப்லாய்ஸ்: நீங்கள் (நெருங்கியவர் பலர்) பேசுகிறீர்கள்
- எய்யோஸ், எய்யாஸ், உஸ்தேதெஸ் ஆப்லான்: அவர்கள், அல்லது தாங்கள் (பலர்) பேசுவது

‘ஆப்லோ’ என்றாலே ‘நான் பேசுகிறேன்’ என்று பொருள். ‘ஆப்லாமோஸ்’ என்றாலே ‘நாங்கள் பேசுகிறோம்’ என்று பொருள். ஆகவே “தமிழ் பேசுகிறேன்” என்பதற்கு “ஆப்லோ தமில்” என்பதே இயல்பான வாக்கியம். நிகழ்காலத்திலும், எதிர்காலத்திலும், நடந்து முடிந்த ஒரு செயலைக் கூறும் இறந்தகாலத்திலும் ‘நான்’ என்பதற்குரிய வடிவம் வேறு எந்த வடிவத்தோடும் கலப்பதில்லை. ஆதலால் இம்மூன்றிலும் ‘யோ’ என்பதை விடுவதே பொதுவிதி.

உயிரற்ற பொருள்களுக்கு இவ்விதி இன்னும் கடுமையானது. “சாவி எங்கே?” என்ற கேள்விக்கு “மேசைமீது இருக்கிறது” என்று விடை கூற “எஸ்தா என் லா மேஸா” என்பதே போதும். சாவி ஸ்பானியத்தில் பெண்பாற்சொல் என்பதற்காக ‘எய்யா எஸ்தா’ என்று தொடங்கினால், மேசைமீது ஒரு பெண் இருப்பதாகவே கேட்பவர் எண்ணுவார். மழை பெய்வதையும் நேரத்தையும் கூறும் வாக்கியங்களில் எழுவாயாக ஒரு பதிலிப்பெயருக்கு இடமே இல்லை. தமிழில் ‘மழை’ எழுவாயாகிப் ‘பெய்கிறது’ என்று முடிகிறது. ஸ்பானியத்தில் ‘யுவேபே’ என்ற ஒற்றை வினையே முழு வாக்கியமாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிகழ்காலத்தில் ‘நான்’ என்பதற்குரிய வடிவமும் இறந்தகாலத்தில் ‘அவர்’ என்பதற்குரிய வடிவமும் பல வினைகளில் அழுத்தத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. ‘பாகோ’ என்பதில் முதலசையை அழுத்தினால் ‘நான் பணம் செலுத்துகிறேன்’ என்று பொருள். இறுதி அசையை அழுத்தினால் ‘அவர் பணம் செலுத்தினார்’ என்று பொருள். அழுத்தத்தால் சொல்லின் பொருளை மாற்றும் வழக்கம் தமிழில் இல்லாமையால், தமிழர் இவ்விரண்டையும் ஒரே சீராக ஒலித்துவிடுவது உண்டு. அழுத்தம் கைவரும் வரை இத்தகைய வினைகளுடன் ‘யோ’ அல்லது ‘எல்’ என்பதைச் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பானது. எழுத்தில் அழுத்தக்குறி இந்த வேறுபாட்டைக் காட்டிவிடும். ஆகவே அங்கே பெயர் தேவையில்லை. குறியை மறவாதிருந்தால் போதும்.

2. ‘வரவில்லை’ போன்ற வினைகள்

தமிழிலும் எல்லா வினைகளும் எழுவாயைக் காட்டுவதில்லை. ‘வந்தேன்’, ‘வந்தாள்’, ‘வந்தார்கள்’ என்பவை தெளிவானவை. ஆனால் ‘வரவில்லை’ என்பதிலிருந்து வராதவர் யார் என்று அறிய முடியாது. ‘கையொப்பமிட வேண்டும்’ என்பதும் அத்தகையதே. “கையொப்பமிட வேண்டும் என்று மேலாளர் சொன்னார்” என்ற வாக்கியத்தைப் படிப்பவர், கையொப்பமிட வேண்டியவர் சொல்பவரா, மேலாளரா, கேட்பவரா என்று முன்பின் வாக்கியங்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் தமிழர் இத்தகைய இடங்களில் தம்மை அறியாமலே ‘நான்’ என்றோ ‘அவர்’ என்றோ சேர்த்துக்கொள்கின்றனர்.

ஸ்பானியத்தில் ‘வரவில்லை’ போல நடந்துகொள்ளும் வினைவடிவம் ‘இம்பெர்ஃபெக்தோ’ எனப்படும் தொடர் இறந்தகாலம். கடந்தகாலத்தில் நீடித்திருந்த நிலையையும், வழக்கமாக நடந்துவந்த செயலையும், வேறொன்று நிகழும்போது நடந்துகொண்டிருந்ததையும் கூற இது பயன்படுகிறது. இதில் ‘நான்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் ஒரே வடிவம்தான் உண்டு. ‘எஸ்தாபா’ என்றால் ‘நான் இருந்தேன்’ என்றும் பொருள்; ‘அவர் இருந்தார்’ என்றும் பொருள்; ‘தாங்கள் இருந்தீர்கள்’ என்றும் பொருள். ‘பிபீயா’ (வசித்தல்), ‘தெனீயா’ (உடைமை), ‘த்ராபஹாபா’ (வேலை செய்தல்), ‘ஏரா’ (ஆயிருத்தல்) ஆகிய அனைத்தும் இவ்வாறே.

வேலைத்தலத்தில் நடந்த ஒன்றைப் பற்றி ஒருவர் “எல் என்கார்காதோ மே தீஹோ கே தெனீயா கே ஃபிர்மார்” என்று சொல்வதாகக் கொள்க. ‘மேற்பார்வையாளர் என்னிடம், கையொப்பமிட வேண்டியிருந்தது என்று சொன்னார்’ என்பது இதன் பொருள். யார் கையொப்பமிட வேண்டும்? ‘தெனீயா’ அதைச் சொல்வதில்லை. தன்னையே கையொப்பமிடும்படி மேற்பார்வையாளர் கூறினார் என்பதே தொழிலாளியின் கருத்தானால் “கே யோ தெனீயா கே ஃபிர்மார்” என்று சொல்ல வேண்டும். ‘யோ’ என்ற ஓரசைச் சொல் இல்லாவிட்டால், மேற்பார்வையாளர் தம் கடமையைப் பற்றிப் பேசினார் என்றும் அதை எழுதிக்கொள்ளலாம்.

தொடர் இறந்தகாலத்தை முதலில் பழகிக்கொண்டால் இதே இயல்புள்ள மற்ற வடிவங்களும் எளிதாகும். ‘முடியுமா, இயலுமா’ என்று பணிவாகக் கேட்கும் ‘பொத்ரீயா’ போன்ற வடிவங்களிலும், ‘வேண்டும் என்று விரும்புகிறார்’ என்பது போன்ற தொடர்களுக்குப்பின் வரும் ‘ஃபீர்மே’ போன்ற வடிவங்களிலும் ‘நான்’ என்பதும் ‘அவர்’ என்பதும் ஒன்றாகவே இருக்கும். கணவனும் மனைவியும் ஓர் அலுவலக மேசைக்கு முன் நிற்கையில், மனைவி “கியேரே கே ஃபீர்மே?” என்று மட்டும் கேட்டால், கையொப்பமிட இருப்பவர் எவர் என்பதை அலுவலர் ஊகிக்க வேண்டியிருக்கும். “கியேரே கே ஃபீர்மே யோ, ஓ கே ஃபீர்மே எல்?” என்று கேட்டால் ‘நான் கையொப்பமிடவா, அல்லது இவர் இடவா?’ என்பது ஐயமின்றி விளங்கும்.

எந்த வினையிலும் எளிதாகச் செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. ‘நான்’ என்பதற்குரிய வடிவத்தையும் ‘அவர்’ என்பதற்குரிய வடிவத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ‘யோ’ என்பதை விடலாம். இரண்டும் ஒன்றானால், யாரைப் பற்றிய பேச்சு என்பது முந்தைய வாக்கியத்தால் தெளிவாகிறதா என்று பார்த்தபின்பே விட வேண்டும்.

3. அவர், அவள், தாங்கள்: மூவருக்கும் ஒரே விகுதி

தமிழில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற விகுதிகளே ஆண்பாலையும் பெண்பாலையும் பிரித்துவிடுகின்றன. முன்னிலையில் இருப்பவரை ‘வந்தீர்கள்’ என்பது தனியே காட்டுகிறது. ஸ்பானியத்தில் இம்மூன்றுக்கும் எல்லாக் காலங்களிலும் ஒரே வடிவமே உள்ளது. ‘தியேனே’ என்றால் அவருக்கு உண்டு, அவளுக்கு உண்டு, தங்களுக்கு உண்டு என மூன்று பொருளும் கொள்ளலாம்.

முன்னிலையாரைக் குறிக்கும் ‘உஸ்தெத்’ படர்க்கை வினையை ஏற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அச்சொல் ‘பூயெஸ்த்ரா மெர்ஸேத்’ என்ற பழைய மரியாதைத் தொடரிலிருந்து சுருங்கி வந்தது. ‘தங்கள் தயை’ என்பது அதன் பொருள். ‘தங்கள் தயை என்ன விரும்புகிறது?’ என்று கேட்பது போன்ற அமைப்பாதலால் வினை படர்க்கையிலேயே நின்றுவிட்டது. இதனால் மற்றப் பதிலிப்பெயர்களைவிட ‘உஸ்தெத்’ பேச்சில் அடிக்கடி வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. அது தெளிவும் தருகிறது, மரியாதையும் தருகிறது. “தியேனே உஸ்தெத் ஸீதா?” என்று அலுவலர் கேட்டால் ‘தங்களுக்கு முன்பதிவு உள்ளதா?’ என்று பொருள். உரையாடலின் தொடக்கத்தில் ஒருமுறை ‘உஸ்தெத்’ என்று சொல்லிவிட்டு, பின்வரும் வாக்கியங்களில் அதை விடுவதே வழக்கம். வாக்கியந்தோறும் சொன்னால் விறைப்பாகத் தோன்றும்.

தாயை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் மகள் “நோ ஆப்லா எஸ்பாஞோல்” என்று சொன்னால், தாய்க்கு ஸ்பானியம் தெரியாது என்பதை நிலைமையைக் கொண்டு செவிலியர் புரிந்துகொள்வார். எனினும் “எய்யா நோ ஆப்லா எஸ்பாஞோல், யோ ஸீ” என்பது இன்னும் பொருத்தமானது. ‘அவருக்கு ஸ்பானியம் பேசத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்று அது இருவரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ‘யோ ஸீ’ என்பதில் வினையே இல்லை என்பதைக் கவனிக்க. வினை இல்லாத இடத்தில் விகுதியும் இல்லை. ஆதலால் அங்கே ‘யோ’ என்பதை விடவே முடியாது.

பேசப்படும் இருவரும் ஆண்களானால் ‘எல்’ என்று சேர்ப்பதாலும் முழுத் தெளிவு கிடைக்காது. “எல் தூயேஞோ யாமோ அல் பெஸீனோ குவாந்தோ எஸ்தாபா என் காஸா” என்றால் ‘வீட்டு உரிமையாளர் அயலவரை அழைத்தார், வீட்டில் இருந்தபோது’ என்று பொருள். எழுவாய் சொல்லப்படாதபோது அதைக் கேட்பவர் முந்தைய எழுவாயான உரிமையாளரையே பெரும்பாலும் எண்ணுவார். ‘குவாந்தோ எல் எஸ்தாபா’ என்று பெயரைச் சேர்த்தால் எண்ணம் அயலவர் பக்கம் சாயும். இது சாய்வு மட்டுமே, உறுதியன்று. பணமோ பொறுப்போ சம்பந்தப்பட்ட எழுத்தில் ‘எல் பெஸீனோ’ என்ற பெயர்ச்சொல்லையே மீண்டும் எழுதுவதுதான் சரியான வழி. சொல் திரும்ப வருவது அங்கே குறையன்று.

4. ஓர் எடுத்துக்காட்டு: நீர்க்கசிவு பற்றிய கடிதம்

இரண்டாம் மாடியில் வசிக்கும் ஒருவரின் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு திங்கட்கிழமை நீர் கசிகிறது. மேல்மாடியில் வசிப்பவர் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியே சென்றதே காரணம். கீழ்மாடிக்காரர் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் பின்வரும் ஐந்து வாக்கியங்கள் உள்ளதாகக் கொள்க.

1. பீபோ என் எல் ஸெகுந்தோ. (இரண்டாம் மாடியில் வசிக்கிறேன்.)
2. எல் லூனெஸ் ஸாலீயா ஆகுவா தெல் தேச்சோ. (திங்கட்கிழமை கூரையிலிருந்து நீர் வந்துகொண்டிருந்தது.)
3. யாமே போர் தெலேஃபோனோ அல் பெஸீனோ. நோ எஸ்தாபா என் காஸா, இ ஆபீயா தெஹாதோ ஊன் க்ரீஃபோ ஆபியெர்த்தோ. (அயலவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வீட்டில் இல்லை, ஒரு குழாயைத் திறந்தபடி விட்டிருந்தது.)
4. தீஹோ கே ஈபா ஆ பாகார். (பணம் தருவதாகச் சொன்னார்.)
5. ஆஓரா தீஸே கே நோ தியேனே லா கூல்பா, இ கே தெங்கோ கே யாமார் ஆ மி ஸெகூரோ. (இப்போது தம்மீது தவறில்லை என்றும், நான் என் காப்புறுதி நிறுவனத்தை அழைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்.)

முதல் வாக்கியத்தில் குறையில்லை. ‘பீபோ’ நிகழ்காலத்தில் ‘நான்’ என்பதற்கே உரியது. இரண்டாவதில் வினை தொடர் இறந்தகாலத்தில் இருந்தாலும் ‘ஆகுவா’, அதாவது நீர், எழுவாயாக அங்கேயே நிற்கிறது, ஐயத்துக்கு இடமில்லை.

சிக்கல் மூன்றாவதில் உள்ளது. ‘யாமே’ என்பதன் எழுவாய் ‘நான்’. அதையடுத்து வரும் ‘எஸ்தாபா’, ‘ஆபீயா’ இரண்டும் ‘நான்’ என்பதற்கும் ‘அவர்’ என்பதற்கும் பொதுவானவை. எழுவாய் சொல்லப்படாவிட்டால் முந்தைய எழுவாயே தொடர்வதாகக் கொள்வது ஸ்பானியம் படிப்பவரின் பழக்கம். அவ்வாறு படித்தால் ‘நான் வீட்டில் இல்லை, நான் ஒரு குழாயைத் திறந்து வைத்திருந்தேன்’ என்று பொருளாகிவிடும். எழுதியவர் குற்றஞ்சாட்ட எண்ணியதை, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்க இடம் கொடுத்துவிட்டார். இதைத் திருத்த ஒரே சொல் போதும்: “எல் நோ எஸ்தாபா என் காஸா, இ ஆபீயா தெஹாதோ ஊன் க்ரீஃபோ ஆபியெர்த்தோ.” முதலில் ‘எல்’ என்று எழுவாயை மாற்றிவிட்டபின் ‘ஆபீயா’ என்பதற்கு அது தானே தொடர்கிறது, அங்கே மீண்டும் ‘எல்’ எழுத வேண்டியதில்லை. மேல்மாடியில் வசிப்பவர் பெண்ணாயின் ‘எல் பெஸீனோ’ என்பது ‘லா பெஸீனா’ என்றும், ‘எல்’ என்பது ‘எய்யா’ என்றும் மாறும்.

நான்காவது வாக்கியம் நுட்பமானது. ‘தீஹோ’ இங்கே அயலவரையே குறிக்கும். ‘நான் சொன்னேன்’ என்பதற்கு ‘தீஹே’ என்ற வேறு வடிவம் உண்டு. ‘ஈபா’ பொது வடிவமே. ஆயினும் ‘சொன்னார்’ என்பதற்குப்பின் எழுவாயின்றி வரும் வினை சொன்னவரையே குறிப்பதாகக் கொள்வது இயல்பு. எனவே ‘அயலவரே பணம் தருவதாகச் சொன்னார்’ என்ற பொருள் கிடைத்துவிடுகிறது. மாறாக, கீழ்மாடிக்காரரே பணம் தரவேண்டும் என்று அயலவர் சொல்லியிருந்தால் “தீஹோ கே தெனீயா கே பாகார் யோ” என்று ‘யோ’ சேர்த்தே எழுத வேண்டும். பணம் தருபவர் யார் என்பதே இங்கு வழக்காதலால், பொருள் ஏற்கெனவே விளங்கினாலும் “ஈபா ஆ பாகார் எல்” என்று இறுதியில் ‘எல்’ சேர்த்து வலியுறுத்துவது நன்று.

ஐந்தாவதில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ‘தீஸே’, ‘தியேனே’ என்பவை அயலவரையும் ‘தெங்கோ’ என்பது எழுதியவரையும் விகுதியாலேயே பிரித்துக் காட்டுகின்றன. ஆக, இக்கடிதத்தில் இன்றியமையாத பதிலிப்பெயர் ஒன்று. வலியுறுத்தலுக்காகச் சேர்க்கத்தக்கது மற்றொன்று.

5. நானோ, நான்தான், நானும்

ஐயம் இல்லாத இடத்திலும் பதிலிப்பெயரைச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு: ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுதல். தமிழ் இவ்வேலையை ‘ஓ’, ‘தான்’, ‘உம்’ என்ற இடைச்சொற்களால் செய்கிறது. ஸ்பானியம் பதிலிப்பெயரைச் சொல்வதாலும் அதை வைக்கும் இடத்தாலும் செய்கிறது.

‘நானோ காலையில் வேலை செய்கிறேன், அவளோ மாலையில்’ என்று ஒப்பிடும்போது பதிலிப்பெயர் வினைக்கு முன் நிற்கும்: “யோ த்ராபாஹோ போர் லா மஞ்ஞானா, இ எய்யா போர் லா தார்தே.” ‘த்ராபாஹோ’ என்பதே ‘நான்’ என்று காட்டினாலும் இங்கே ‘யோ’ மிகையன்று. அதை நீக்கினால் ஒப்பீடு குலைந்துவிடும்.

‘நான்தான்’ என்று செய்தவரைச் சுட்டிச் சொல்லும்போது பதிலிப்பெயர் வினைக்குப் பின் செல்லும். உணவகத்தில் நண்பர்கள் பணப்பையை எடுக்கும்போது “பாகோ யோ” என்று ஒருவர் சொன்னால் ‘நான்தான் தருவேன், நீங்கள் வேண்டாம்’ என்று பொருள். ‘யார் முன்பதிவு செய்தது?’ என்ற கேள்விக்கு வினையை மட்டும் கூறி விடை சொல்ல முடியாது. ‘யோ’ என்றாவது, ‘லா எ பெதீதோ யோ’ என்றாவது சொல்ல வேண்டும். ‘நானும்’ என்பதற்கு ‘யோ தம்பியேன்’ என்றும், ‘நானும் இல்லை’ என்பதற்கு ‘யோ தம்போகோ’ என்றும் வரும்.

எதிர்மறையில் இவ்வேறுபாடு மிகுந்த கவனத்துக்குரியது. ஓர் ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவரிடம் அதுபற்றிக் கேட்கும்போது “நோ லோ ஃபிர்மே” என்று அவர் சொன்னால் ‘அதில் நான் கையொப்பமிடவில்லை’ என்று மட்டுமே பொருள். “நோ லோ ஃபிர்மே யோ” என்று சொன்னாலோ ‘அதில் கையொப்பமிட்டது நானல்லேன்’ என்று பொருள். கையொப்பம் இருக்கிறது, அதை இட்டவர் வேறொருவர் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. இறுதியில் வரும் ‘யோ’ வெறும் அலங்காரமன்று. அது புதிய செய்தியைச் சொல்கிறது. சொல்ல எண்ணாத செய்தியானால் அதைச் சேர்க்கலாகாது.

6. மிகுதியாகச் சொல்வதன் விளைவு

ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்றவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத் தவறைச் செய்கின்றனர். “யோ பீபோ ஆகீ. யோ தெங்கோ தோஸ் ஈஹோஸ். யோ த்ராபாஹோ என் ஊன் ஓதெல்” என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யோ’ என்று தொடங்குவர். இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு ‘யோ’வும் ஒப்பீட்டைக் குறிக்கும் ஆற்றல் உடையதாதலால், ‘நானோ இங்கே வசிக்கிறேன், எனக்கோ இரண்டு பிள்ளைகள்’ என்று கேட்பது போல அது ஒலிக்கும். வேலை நேர்காணலில் இது தன்னையே முன்னிறுத்தும் பேச்சாகத் தோன்றக்கூடும்.

பலர் வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகத் தம்மை அறிமுகம் செய்யும்போது “யோ ஸோய்…” என்று தொடங்குவது இயல்பே. அங்கே முந்தையவரிடமிருந்து தம்மைப் பிரித்துக் காட்டும் தேவை உள்ளது. அதன்பின் வரும் வாக்கியங்களில் ‘யோ’ வேண்டியதில்லை. ‘யோ க்ரேயோ கே’ (நான் நினைக்கிறேன்) என்ற தொடரிலும் ‘யோ’ அடிக்கடி வரும். தம் கருத்தைத் தம்முடையதாக மட்டும் முன்வைத்து, பிறர் வேறு கருதலாம் என்று இடம் விடுவதால் அது அங்கே பணிவாகவே ஒலிக்கிறது.

மேற்கூறியவை ஸ்பெயின் நாட்டு வழக்கைத் தழுவியவை. டொமினிக்கன் குடியரசு, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா ஆகிய கரீபியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பதிலிப்பெயர்களை இதைவிட மிகுதியாகச் சொல்வர். அப்பேச்சு வழக்குகள் பலவற்றில் சொல்லிறுதி ‘ஸ்’ ஒலி மங்கிவிடுவதால் ‘ஆப்லாஸ்’, ‘ஆப்லா’ இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். அவர்கள் பேச்சில் வரும் ஒவ்வொரு ‘தூ’வையும் வலியுறுத்தல் என்று கொள்ள வேண்டியதில்லை. லத்தீன் அமெரிக்கா முழுவதும் ‘பொஸோத்ரோஸ்’ என்பதற்குப் பதிலாக ‘உஸ்தேதெஸ்’ வழங்குவதையும் அறிந்துகொள்வது நன்று.

பயிற்சி

அ. ‘அவர் இரவில் வேலை செய்துவந்தார், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன்’ என்ற பொருளில் “த்ராபஹாபா தே நோச்சே, இ குயிதாபா ஆ லோஸ் நீஞோஸ்” என்று எழுதப்பட்டுள்ளது. எங்கே எவற்றைச் சேர்க்க வேண்டும்?

ஆ. ‘படிவம் எங்கே?’ என்ற கேள்விக்கு “எல் எஸ்தா என் லா மேஸா” என்று விடை கூறலாமா?

இ. ‘நாளை வருகிறோம்’ என்பதற்கு “பெனீமோஸ் மஞ்ஞானா” என்பதில் ‘நொஸோத்ரோஸ்’ சேர்க்க வேண்டுமா?

ஈ. ‘யார் அழைத்தது?’ என்ற கேள்விக்கு ‘நான்தான் அழைத்தேன்’ என்று எவ்வாறு விடை கூறுவது?

விடைகள்

அ. இரண்டு வினைகளும் பொது வடிவங்கள், எழுவாய்களும் வெவ்வேறு. ஆகவே இரண்டும் தேவை: “எல் த்ராபஹாபா தே நோச்சே, இ யோ குயிதாபா ஆ லோஸ் நீஞோஸ்.” எதையும் சேர்க்காவிட்டால் இரண்டையும் ஒருவரே செய்ததாகப் பொருள்படும்.

ஆ. கூடாது. படிவம் உயிரற்ற பொருள். “எஸ்தா என் லா மேஸா” என்பதே போதும்.

இ. வேண்டியதில்லை. ‘மோஸ்’ என்ற விகுதியே ‘நாங்கள்’ என்று காட்டுகிறது. மற்றவர்கள் வராமல் நாங்கள் மட்டும் வருகிறோம் என்று பிரித்துச் சொல்வதானால் மட்டும் சேர்க்கலாம்.

ஈ. “யாமே யோ”, அல்லது சுருக்கமாக “யோ”. ‘யாமே’ என்று மட்டும் சொன்னால் கேள்விக்கு உரிய விடையாகாது.

ஒரு கடிதத்தையோ வாக்குமூலத்தையோ ஸ்பானியத்தில் எழுதி முடித்தபின், அதில் தொடர் இறந்தகாலத்தில் உள்ள வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘யார்?’ என்று கேட்டுப் பார்க்கலாம். விடை அதே வாக்கியத்திலோ அதற்கு முந்தைய வாக்கியத்திலோ ஐயமின்றிக் கிடைத்தால் அவ்வினையை அப்படியே விடலாம். கிடைக்காத இடத்தில் ‘யோ’, ‘எல்’, ‘எய்யா’, ‘உஸ்தெத்’ என்பவற்றுள் உரியதையோ, ஆளின் பெயரையோ சேர்த்தபின் கையொப்பமிட வேண்டும்.